ஜெர்மனியில் ஒரு வருடம் படிக்க உண்மையில் எவ்வளவு ஆகும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதம் குறிப்பிட்ட தொகையை மட்டும் எடுக்கக்கூடிய கணக்கில், 11,904 யூரோ காட்டச் சொல்கிறார்கள். ஒரு வருடச் செலவு அதுதானே?

அல்ல. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். ஜெர்மானிய அரசு தன் நாட்டு மாணவர்களுக்குத் தரும் பாஃபெக் என்ற கல்வி உதவித்தொகையின் உச்ச அளவு 2024 இலையுதிர் காலத்தில் மாதம் 992 யூரோவாக உயர்த்தப்பட்டது. அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 11,904 கிடைக்கும். 2024 செப்டம்பர் முதல் வெளிநாட்டு மாணவர்களிடமும் இதே தொகை கேட்கப்படுகிறது. அதற்கு முன்பு மாதம் 934 யூரோவாகவும், அதற்கும் முன்பு 861 யூரோவாகவும் இருந்தது.

அந்த 992 யூரோவுக்குள் நான்கு பகுதிகள் இருக்கின்றன. அடிப்படை வாழ்க்கைச் செலவுக்கு 475, வீட்டுக்கு 380, மருத்துவக் காப்பீட்டுக்கு 102, நோயிலோ முதுமையிலோ பிறர் உதவி தேவைப்படும்போது கைகொடுக்கும் பராமரிப்புக் காப்பீட்டுக்கு 35. வீட்டுக்கான 380 யூரோதான் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம். மின்சாரம், வெப்பம், இணையம் எல்லாம் சேர்த்து 380 யூரோவுக்குள் ஓர் அறை கிடைப்பது, பல்கலைக்கழக விடுதியில் இடம் பிடித்தவர்களுக்கும் சிறிய ஊர்களில் படிப்பவர்களுக்கும் நடக்கலாம். மியூனிக்கிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ தனியாரிடம் அறை தேடுபவர்களுக்கு அது நடக்காது. அதோடு, இந்த உதவித்தொகை ஏற்கெனவே அந்த நாட்டில் வாழ்பவருக்காக வகுக்கப்பட்டது. விமான டிக்கெட், விசா, முதல் மூன்று வாரத் தங்கல், வெறும் அறைக்கு வாங்க வேண்டிய போர்வையும் பாத்திரமும் ஆகிய எதுவும் அந்த எண்ணுக்குள் இல்லை.

ஆகவே 11,904 என்பதை அரசு கேட்கும் ஆதாரமாக மட்டும் எடுத்துக்கொண்டு, செலவுக் கணக்கைத் தனியாகப் போடுங்கள். அதிலும் இரண்டு எண்கள் வேண்டும். முதல் வருடத்தின் மொத்தச் செலவு ஒன்று, இறங்கிய நாளிலிருந்து முதல் ஐம்பது நாட்களுக்குள் கையில் ரொக்கமாக இருக்க வேண்டிய தொகை மற்றொன்று. மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

கல்விக் கட்டணமே இல்லை என்கிறார்களே, அது உண்மையா?

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் உண்மை. ஆனால் விதிவிலக்குகள் உண்டு. பாடன்-வூர்ட்டெம்பர்க் மாநிலம், அதாவது ஸ்டுட்கார்ட், ஹைடெல்பெர்க், கார்ல்ஸ்ரூ ஆகிய நகரங்கள் இருக்கும் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017-ஆம் ஆண்டு குளிர்கால செமஸ்டர் முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டர் முதல் புதிதாகச் சேரும் இத்தகைய மாணவர்களிடம், படிப்பைப் பொறுத்து, செமஸ்டருக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. தனியார் பல்கலைக்கழகங்களின் கட்டணம் முற்றிலும் வேறு கணக்கு.

கட்டணமில்லாத இடத்திலும் செமஸ்டர் பங்களிப்பு என்று ஒன்று உண்டு. மாணவர் நலச் சங்கம், மாணவர் பேரவை, நிர்வாகம், பெரும்பாலான இடங்களில் பயணச் சீட்டு ஆகியவற்றுக்கான தொகை அது. இடத்தைப் பொறுத்து ஏறத்தாழ 100 யூரோவிலிருந்து 400 யூரோ வரை இருக்கும். இதை ஆண்டுக்கு இரண்டு முறை கட்ட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கெடுவுக்குள் கட்டாவிட்டால் அடுத்த செமஸ்டருக்கான மறுபதிவு நடக்காது. மறுபதிவு இல்லையென்றால் மாணவர் காப்பீடும் குடியிருப்பு அனுமதியும் சிக்கலுக்கு உள்ளாகும்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கினால் போதுமா?

எந்த வாடகையைப் பெருக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு விளம்பரத்தை அருகில் வைத்து வாசித்துப் பார்ப்போம். மூன்று பேர் பகிரும் ஒரு வீட்டில், அங்கே வேகே என்று சொல்லப்படும் பகிர்வு வீட்டில், ஓர் அறை காலியாக இருக்கிறது. கால்ட்மீட்டே 380, நேபென்கோஸ்டென் 90, வார்ம்மீட்டே 470, மின்சாரமும் இணையமும் தனி, முன்பணம் 760, பழைய பொருட்களுக்கு 150 என்று எழுதியிருக்கிறது.

கால்ட்மீட்டே என்பது அறைக்கு மட்டுமான வெறும் வாடகை. நேபென்கோஸ்டென் என்பது தண்ணீர், குப்பை, மாடிப்படி சுத்தம், பெரும்பாலும் அறை வெப்பம் ஆகியவற்றுக்கு மாதாமாதம் முன்கூட்டி வாங்கும் தொகை. இரண்டும் சேர்ந்தால் வார்ம்மீட்டே. கணக்கு போட உதவும் எண் இந்த வார்ம்மீட்டேதான். அதிலும் மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் அடங்காது. மூவருக்குப் பிரித்தால் ஆளுக்கு 45 யூரோ என்று வைத்தால், மாதம் 515 யூரோ ஆகிறது. 380 என்ற எண்ணைப் பார்த்து மனத்துக்குள் 4,560 என்று பெருக்கிக்கொண்டவருக்கு, உண்மையில் ஆண்டுக்கு 6,180 யூரோ தேவைப்படும்.

அந்த 90 யூரோ முன்கூட்டி வாங்கும் தொகை மட்டுமே என்பதையும் கவனிக்க வேண்டும். கணக்கு ஆண்டு முடிந்த பிறகு பன்னிரண்டு மாதங்களுக்குள் வீட்டுக்காரர் உண்மையான செலவைக் கணக்கிட்டு அனுப்புவார். அதிகம் செலவழித்திருந்தால் மீதியை நீங்கள் கட்ட வேண்டும், குறைவாக இருந்தால் அவர் திருப்பித் தருவார். குளிர்காலத்தில் சன்னலைச் சிறிதளவு திறந்து வைத்துக்கொண்டு ஹீட்டரை நாள் முழுவதும் ஓடவிட்டவர்களுக்கு, ஒரு வருடம் கழித்து, சில வேளை அந்த வீட்டைவிட்டே வெளியேறிய பிறகு, இந்தக் கடிதம் வந்து சேரும். ஐந்து நிமிடம் சன்னலை முழுதாகத் திறந்துவிட்டு மூடுவது அங்கே வழக்கமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முன்பணத்துக்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. கால்ட்மீட்டேயின் மூன்று மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது. அதை மூன்று மாதத் தவணைகளாகக் கட்டவும் குடியிருப்பவருக்கு உரிமை உண்டு. ஆனால் வரிசையில் பலர் காத்திருக்கும்போது, தவணை கேட்பவரைவிட முழுவதும் தருபவருக்கே அறை போகிறது என்பதால், முழுத்தொகையையும் வைத்திருப்பதுதான் நடைமுறை. இது செலவல்ல, திரும்பி வரும் பணம். ஆனால் வீட்டைக் காலி செய்த பிறகும் சில மாதங்கள் வீட்டுக்காரரிடம் இருக்கும். ஆகவே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறும்போது, பழைய முன்பணத்தை வைத்துப் புதியதைக் கட்டலாம் என்று நினைக்கக் கூடாது.

விளம்பரத்தின் கடைசியில் இருக்கும் 150 யூரோ, முன்பு குடியிருந்தவர் விட்டுச் செல்லும் கட்டிலுக்கும் மேசைக்கும் கேட்கும் விலை. இதில் பேரம் பேசலாம்.

போன உடனே அறை கிடைத்துவிடுமா? அதுவரை என்ன செய்வது?

செமஸ்டர் தொடங்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் தேடுவதால், இறங்கிய வாரத்திலேயே கிடைக்கும் என்று திட்டமிடாதீர்கள். இரண்டு முதல் நான்கு வாரம் தற்காலிகத் தங்கலுக்குப் பணம் ஒதுக்குங்கள். பகிர்ந்துகொள்ளும் விடுதிப் படுக்கையானாலும் ஓர் இரவுக்கு 30, 35 யூரோ என்று வைத்தால் மூன்று வாரத்துக்கு 630 முதல் 735 யூரோ வரை ஆகிவிடும். முதல் வருடக் கணக்குகளில் விடுபடும் தொகைகளில் நான் அதிகம் பார்த்தது இதுதான்.

இதனோடு ஒட்டிய ஒரு சிக்கலும் உண்டு. வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு அன்மெல்டுங் என்று பெயர். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். தற்காலிகத் தங்கும் இடங்கள் பல அந்தச் சான்றைத் தருவதில்லை. பதிவு தள்ளிப்போனால், வரி எண்ணும் குடியிருப்பு அனுமதியும் தள்ளிப்போகும். சில வங்கிகளில் கணக்குத் திறப்பதும் அப்படியே. கணக்கு இல்லாதவரை பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதத் தொகை வந்து சேராது. முன்பதிவு செய்யும்போதே சான்று தருவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அறையைப் பார்க்காமலேயே முன்பணம் அனுப்பச் சொல்பவர்களுக்கு ஒரு யூரோகூட அனுப்ப வேண்டாம். தான் வெளிநாட்டில் இருப்பதாகவும் சாவியைத் தபாலில் அனுப்புவதாகவும் ஒருவர் சொன்னால், அந்த அறை பெரும்பாலும் இல்லவே இல்லாத அறையாகத்தான் இருக்கும்.

மருத்துவக் காப்பீட்டுக்கு எவ்வளவு? மலிவான தனியார் காப்பீடு எடுத்துக்கொள்ளலாமா?

அரசு சார்ந்த காப்பீட்டு நிதியங்களில் மாணவர் கட்டணம் ஏறத்தாழ எல்லா இடத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஏனெனில் அது சூத்திரப்படி வருகிறது. 855 யூரோ என்ற அடிப்படைத் தொகையில் 10.22 சதவீதம் மருத்துவக் காப்பீட்டுக்கு, அதாவது 87.38 யூரோ. அதன்மேல் ஒவ்வொரு நிதியமும் தன் கூடுதல் சதவீதத்தைச் சேர்க்கும். பராமரிப்புக் காப்பீட்டுக்கு 3.6 சதவீதம், 23 வயது முடிந்து குழந்தை இல்லாதவர்களுக்கு 4.2 சதவீதம். 2025-இல் இவை எல்லாம் சேர்ந்து பெரும்பாலானோருக்கு மாதம் 145 யூரோவையொட்டி வந்தது. நிதியத்துக்கு நிதியம் வித்தியாசம் சில யூரோக்கள்தான். ஆனால் கூடுதல் சதவீதம் ஆண்டுதோறும் ஜனவரியில் மாறக்கூடும், அண்மைக் காலத்தில் உயர்ந்துகொண்டே வருகிறது.

மலிவான தனியார் காப்பீட்டைப் பற்றி மிகவும் கவனமாக இருக்கச் சொல்வேன். மாதம் 40, 50 யூரோவுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பயணக் காப்பீடுகள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும், பல் சிகிச்சையில் பெரும்பகுதிக்கும், நீண்ட சிகிச்சைக்கும் அவை பணம் தராமல் போகலாம். அதைவிட முக்கியமான விஷயம், அரசு சார்ந்த காப்பீடு வேண்டாம் என்று படிப்பின் தொடக்கத்தில் விலக்கு வாங்கிவிட்டால், அந்தப் படிப்பு முடியும்வரை அந்த முடிவை மாற்ற முடியாது. முதல் செமஸ்டரில் மாதம் நூறு யூரோ மிச்சம் பிடிக்க எடுத்த முடிவு, மூன்றாம் செமஸ்டரில் ஒரு அறுவை சிகிச்சை வரும்போது பெரிய சுமையாகும்.

மாணவர் கட்டணம் 30 வயது நிறையும் செமஸ்டர் வரைதான். 29 வயதில் இரண்டு வருடப் படிப்புக்குப் போகிறவர் இரண்டாம் வருடத்துக்கு மாதம் 200 யூரோவுக்கு மேல் ஒதுக்க வேண்டும். மாணவர் காப்பீடு செமஸ்டர் தொடங்கும் நாளிலிருந்துதான் நடைமுறைக்கு வரும். அதற்கு முன்பே இறங்குகிறவர்கள் இடைப்பட்ட வாரங்களுக்கு மட்டும் ஒரு பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ள வேண்டும். பயணக் காப்பீட்டுக்குப் பொருத்தமான இடம் அதுதான்.

பஸ், ரயில் செலவு எவ்வளவு வரும்?

உங்கள் பல்கலைக்கழகத்தின் செமஸ்டர் பங்களிப்பில் பயணச் சீட்டு அடங்கியிருக்கிறதா என்ற ஒரே கேள்வியில் இது முடிந்துவிடும். நாடு முழுவதும் நகரப் பேருந்து, டிராம், வட்டார ரயில் எல்லாவற்றிலும் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் 2025-இல் மாதம் 58 யூரோ, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. இந்த ஏற்பாட்டில் சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகங்களின் மாணவர்களுக்கு அது 60 சதவீத விலையில் செமஸ்டர் பங்களிப்போடு சேர்ந்து வருகிறது. 58 யூரோ விலைக்கு அது மாதம் 34.80, செமஸ்டருக்கு 208.80 யூரோ. ஆகவே 330 யூரோ செமஸ்டர் பங்களிப்பைப் பார்த்து அதிகம் என்று நினைப்பதும், 110 யூரோ பங்களிப்பைப் பார்த்து மலிவு என்று மகிழ்வதும் தவறாகிவிடும். இரண்டாவது இடத்தில் பயணத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும்.

நீண்ட தூர விரைவு ரயில்களுக்கு இந்தச் சீட்டு செல்லாது. அதில் ஏறி உட்கார்ந்துவிட்டு அபராதம் கட்டியவர்கள் பலர்.

குளிர் உடைகளைப் புறப்படும் முன்பே வாங்கிவிடலாமா?

பாதியை வாங்கலாம், பாதியை அங்கே வாங்குங்கள். அங்குள்ள குளிர்காலம் பெரும்பாலான நகரங்களில் பனிமலை போன்ற குளிரல்ல. பூஜ்யம் டிகிரியையொட்டி, காற்றோடும் ஈரத்தோடும் மாதக்கணக்கில் நீளும் குளிர். கிழக்கிலும் தெற்கிலும் அதற்குக் கீழேயும் இறங்கும். அதே வேளையில் வகுப்பறையும் நூலகமும் 20 டிகிரி அளவுக்குச் சூடாக இருக்கும். மிகக் கனமான ஒரே கோட்டை வாங்கிச் சென்றவர்கள் உள்ளே வியர்த்து, வெளியே நனைந்து, அதைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறார்கள். அடுக்கடுக்காக அணிந்து கழற்றுவதே வழி: உடலோடு ஒட்டிய மெல்லிய தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ் அல்லது கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட்.

தெர்மல், கம்பளி, சாக்ஸ் ஆகியவற்றைப் புறப்படும் முன்பே வாங்கலாம். ஜாக்கெட்டையும் காலணியையும் அங்கே வாங்குவது நல்லது. தடித்த சாக்ஸ் அணிந்து அளவு பார்க்காமல் வாங்கிய காலணி விரல்களை இறுக்கும். இரத்தம் ஓடாத கால் எவ்வளவு தடித்த தோலுக்குள் இருந்தாலும் சில்லிட்டுத்தான் இருக்கும். அடிப்பாகம் ஆழமான வரிகளோடு இருக்க வேண்டும், உறைந்த நடைபாதையில் வழவழப்பான அடிப்பாகம் வழுக்கும். காலணிக்கு 90, ஜாக்கெட்டுக்கு 130, இரண்டு செட் தெர்மலுக்கு 50, தொப்பி, கையுறை, கழுத்துத் துணிக்கு 30, சாக்ஸுக்கு 20 என்று 320 யூரோ வைத்தால் நடுத்தரமாக முடித்துவிடலாம். பழைய பொருள் கடைகளில் ஜாக்கெட் பாதி விலைக்குக் கிடைக்கும். காலணியில் மட்டும் பழையதைத் தேட வேண்டாம். ஜனவரியில் தள்ளுபடி வரும் என்று காத்திருப்பவர்கள் நவம்பரையும் டிசம்பரையும் குளிரில் நடுங்கிக் கழிக்க நேரிடும்.

என்னிடம் டிவியே இல்லை. ஒலிபரப்புக் கட்டணம் கட்டச் சொல்லி கடிதம் வருமாமே?

வரும், கட்டத்தான் வேண்டும். இது டிவிக்கான கட்டணம் அல்ல, குடியிருப்புக்கான கட்டணம். ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, ஆண்டுக்கு 220.32 யூரோ. நீங்கள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ததும் தகவல் ஒலிபரப்புக் கட்டண அலுவலகத்துக்குப் போய்விடும். சில வாரம் கழித்து கடிதம் வரும். அதைப் புரியாத விளம்பரம் என்று ஒதுக்கி வைத்துவிட்டால், குடியேறிய மாதத்திலிருந்து கணக்கிட்டு, தாமதக் கூடுதலோடு மொத்தமாகக் கேட்பார்கள்.

பகிர்வு வீட்டில் ஒருவர் பெயரில் கட்டினால் போதும், மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆகவே குடியேறும் நாளிலேயே, இந்த வீட்டுக்கு யார் கட்டுகிறார், கணக்கு எண் என்ன என்று கேட்டு, வரும் கடிதத்துக்கு அந்த எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்புங்கள். விடுதியில் பொது நடைவழியிலிருந்து நேராகத் திறக்கும் அறையாக இருந்தால், ஒவ்வோர் அறையும் தனி வீடாகக் கருதப்படலாம், அப்போது முழுத்தொகையும் உங்களுடையது.

பணம் அனுப்புவதிலேயே எவ்வளவு போகும்?

வங்கி காட்டும் கட்டணம் சிறியதாக இருக்கும், பெரிய இழப்பு மாற்று விகிதத்தில் ஒளிந்திருக்கும். சந்தையின் நடு விகிதத்துக்கும் வங்கி உங்களுக்குத் தரும் விகிதத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 13,000 யூரோ அனுப்பும்போது அந்த இடைவெளி ஒவ்வொரு சதவீதத்துக்கும் 130 யூரோ. ஒரே நாளில் இரண்டு மூன்று இடங்களில், எல்லாம் போக எத்தனை யூரோ போய்ச் சேரும் என்று மட்டும் கேட்டு ஒப்பிடுங்கள்.

இடையில் இருக்கும் வங்கிகள் சில யூரோக்களை எடுத்துக்கொள்வதும் உண்டு. பிளாக்டு அக்கவுண்டில் 11,904-க்குச் சில யூரோ குறைந்து போய்ச் சேர்ந்தாலும் உறுதிச் சான்று வராது, இன்னொரு முறை அனுப்பி இன்னொரு கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். கணக்கு நடத்தும் நிறுவனத்தின் கட்டணத்தையும், கூடுதலாக 50 யூரோவையும் சேர்த்து ஒரே முறையில் அனுப்புங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கணக்கு போட்டுக் காட்ட முடியுமா?

24 வயது மாணவி ஒருவர், கல்விக் கட்டணம் இல்லாத பல்கலைக்கழகம், நடுத்தர அளவிலான நகரம், மேலே பார்த்த பகிர்வு வீட்டு அறை என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் 10 அன்று இறங்குகிறார், அக்டோபர் 1 முதல் அறை. கட்டணங்கள் மேலே சொன்ன விதிகளின்படியும், மற்றவை மிதமான மதிப்பீடாகவும் வைக்கிறேன்.

முதலில் அக்டோபர் தொடங்கிப் பன்னிரண்டு மாதத் தொடர் செலவு. வார்ம்மீட்டே 5,640. மின்சாரம், இணையம் 540. காப்பீடு 1,740. செமஸ்டர் பங்களிப்பு, பயணச் சீட்டோடு, இரண்டு முறை 330 வீதம் 660. ஒலிபரப்புக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு 73. தொலைபேசி 120. வீட்டிலேயே சமைத்து, மதியம் பல்கலைக்கழக உணவகத்தில் சாப்பிட்டு, சோப்பு போன்றவையும் சேர்த்து மாதம் 250 வீதம் 3,000. சலவை, அச்சு, புத்தகம் 360. மற்ற எல்லாவற்றுக்கும் மாதம் 60 வீதம் 720. கூட்டினால் 12,853 யூரோ, மாதத்துக்கு ஏறத்தாழ 1,071. ஆடம்பரமே இல்லாத இந்தக் கணக்கிலேயே 992-ஐத் தாண்டிவிட்டோம்.

அடுத்தது முதல் வருடத்தில் மட்டும் வருபவை. விசா 75. குடியிருப்பு அனுமதி 100. பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் வழியாக நான்கு விண்ணப்பங்கள், முதலுக்கு 75-உம் மற்றவற்றுக்கு 30-உம் வீதம் 165. மொழிபெயர்ப்பும் சான்றொப்பமும் 150. பிளாக்டு அக்கவுண்ட் கட்டணம் 150. விமானம் 650. முதல் மூன்று வாரத் தங்கலும் சாப்பாடும் 900. அந்த வாரங்களுக்கான பயணக் காப்பீடு 40. குளிர் உடை 320. முன்பு குடியிருந்தவரின் பொருட்களோடு போர்வை, பாத்திரம் 200. பணமாற்று இழப்பு ஒன்றரை சதவீதம் என்று வைத்து 195. இவை 2,945 யூரோ.

ஆக முதல் வருடச் செலவு 15,798 யூரோ. இதோடு முடங்கிக் கிடக்கும் முன்பணம் 760 சேர்ந்தால் திரட்ட வேண்டியது 16,558. விசாவுக்குக் காட்டிய தொகையைவிட இது 4,654 யூரோ அதிகம். உங்கள் நகரத்தில் இதே அறை 700 யூரோ என்றால், வாடகை வரியை மட்டும் மாற்றுங்கள், மாதம் 230 வீதம் இன்னும் 2,760 கூடும். மற்ற வரிகள் அனேகமாக அப்படியே நிற்கும். நகரத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்தக் கணக்கில் மிகப் பெரிய முடிவு என்று நான் சொல்வது இதனால்தான்.

இறங்கும்போது கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

அதே மாணவியின் செப்டம்பர் 10 முதல் அக்டோபர் 31 வரையான நாட்களை மட்டும் எடுப்போம். தற்காலிகத் தங்கலும் சாப்பாடும் 900, முன்பணம் 760, அக்டோபர் வாடகை 470, மின்சாரம் 45, வீட்டுப் பொருட்கள் 200, குளிர் உடை 320, காப்பீடு 145, செமஸ்டர் பங்களிப்பு 330, குடியிருப்பு அனுமதி 100, அக்டோபர் உணவு 250, இதர செலவு 100. மொத்தம் 3,620 யூரோ.

பிளாக்டு அக்கவுண்டில் பன்னிரண்டாயிரம் இருந்தாலும் அது மாதத்துக்கு 992 மட்டுமே தரும், அதுவும் அங்கே ஒரு நடப்புக் கணக்கு திறந்த பிறகுதான். இந்த ஐம்பது நாட்களில் ஒரு தவணை மட்டும் வந்தால் 2,628 யூரோ பற்றாக்குறை, இரண்டு வந்தால் 1,636. ஆகவே பிளாக்டு அக்கவுண்டுக்கு வெளியே, வெளிநாட்டில் பயன்படுத்தக்கூடிய அட்டையிலும் கொஞ்சம் ரொக்கமாகவும், 2,600 யூரோ வைத்திருப்பது பாதுகாப்பு. இந்தத் தொகை இல்லாமல் போய், பெரிய தொகை தன் பெயரில் இருந்தும் முன்பணம் கட்ட முடியாமல் நல்ல அறையை இழந்தவர்கள் உண்டு.

பகுதிநேர வேலை செய்து இந்த இடைவெளியை நிரப்பிவிடலாமே?

முதல் செமஸ்டரின் கணக்கில் வருமானம் பூஜ்யம் என்றே எழுதுங்கள். 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்ய அனுமதி உண்டு, சட்டம் தடையாக இல்லை. ஆனால் வேலைக்கு வரி எண் வேண்டும், அதற்கு முகவரிப் பதிவு வேண்டும், அதற்கு வீடு வேண்டும். ஜெர்மன் மொழி தெரியாதவருக்குக் கிடைக்கும் வேலைகளும் குறைவு. இரண்டாம் செமஸ்டர் முதல் மினிஜாப், அதாவது மாத வருமானத்துக்கு வரம்புள்ள சிறு வேலை, ஒன்று கிடைத்தால், 2025-இல் அதற்கான வரம்பு மாதம் 556 யூரோ. அது வாடகையைத் தாங்கும். தேர்வு மாதங்களில் அந்த வருமானம் நின்றுபோகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இரண்டாம் வருடம் செலவு குறையுமா?

ஒருமுறைச் செலவுகள் போய்விடுவதால் குறையும். நம் மாணவிக்குத் தொடர் செலவு 12,853, அனுமதி நீட்டிப்புக்கு 93, வீட்டுக்காரரின் ஆண்டுக் கணக்கில் கூடுதலாக வரக்கூடியதற்கு 150 ஒதுக்கினால், ஏறத்தாழ 13,100 யூரோ. ஊருக்கு ஒருமுறை வந்து போனால் விமானச் செலவு தனி.

ஆனால் அனுமதியை நீட்டிக்கும்போது அடுத்த ஆண்டுக்கான பணத்தையும் மீண்டும் காட்ட வேண்டும். முதல் வருடத்தின் பன்னிரண்டாவது மாதம் பிளாக்டு அக்கவுண்ட் காலியாக இருக்கும், அதே மாதத்தில் அலுவலகம் இன்னொரு வருடத்துக்கான ஆதாரத்தைக் கேட்கும். புதிய பிளாக்டு அக்கவுண்ட், உதவித்தொகைக் கடிதம், அங்கே குடியிருக்கும் ஒருவரின் பொறுப்பேற்பு, சில அலுவலகங்களில் தொடர்ந்து வரும் வேலை வருமானம் ஆகியவை ஏற்கப்படும். எது செல்லும் என்பதை உங்கள் நகரத்தின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதி முடிவதற்கு மூன்று, நான்கு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள், ஏனெனில் அங்கே சந்திப்பு நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம்.